காலியான கட்டம் பொய் சொல்வதில்லை

கைபேசியில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையின் படத்திலிருந்து பரிசோதனையின் பெயர், மதிப்பு, அலகு, குறிப்பு வரம்பு ஆகிய நான்கையும் பிரித்தெடுத்து அட்டவணையாக்குவது இந்தியப் பல்கலைக்கழகங்களில் இன்று விரும்பி எடுக்கப்படும் ஆய்வுத் தலைப்புகளுள் ஒன்று. கணினியியல் துறையின் முதுகலைத் திட்டப்பணி முதல் முனைவர் பட்ட ஆய்வேடு வரை அதன் பல வடிவங்களைக் காணலாம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே விதமாக முடிகின்றன. இறுதி அத்தியாயத்தில் துல்லியம் தொண்ணூற்றெட்டு விழுக்காடு என்று ஓர் எண் நிற்கும். அதன் கீழே ஒரு கட்டமும் காலியில்லாத அழகான அட்டவணை ஒன்றும் இருக்கும். தேர்வாளர் பாராட்டுவார், வாய்மொழித் தேர்வு முடிந்துவிடும்.

அந்த அட்டவணையில் ஒரு கட்டமும் காலியாக இல்லாததே சந்தேகத்துக்குரியது. நான்காக மடித்துப் பையில் வைத்திருந்த தாளை, மின்விசிறிக்குக் கீழே, படுக்கைவிரிப்பின் மேல் வைத்து எடுத்த படத்தில் எல்லாக் கட்டங்களும் தெளிவாகத் தெரிவது அரிது. தெரியாதவை எப்படி நிரம்பின என்ற கேள்வியை ஆய்வேடு எழுப்புவதில்லை. எழுப்பினால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: தாளில் இல்லாத இடத்திலிருந்து நிரம்பின.

இத்துறையின் மையப் பிழை இதுவே. எழுத்தை எழுத்துணரி தவறாகப் படிப்பது சிறிய குற்றம். அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். படிக்காததைப் படித்ததுபோல் எழுதி வைப்பது பெரிய குற்றம். அதைக் கண்டுபிடிக்க அட்டவணைக்குள் எந்தத் தடயமும் இராது.

இதை விளங்கிக்கொள்ள, அறிக்கையின் ஒரு வரி உண்மையில் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ‘மொத்த பிலிருபின், 0.9, மி.கி./டெ.லி., 0.3 முதல் 1.2 வரை’ என்ற வரி நான்கு தனித் தகவல்களின் கோவை அன்று. அது ஒரே வாக்கியம். இந்த ஆய்வகம், இந்தக் கருவியில், இந்த முறையில் அளந்தபோது இவருக்கு இவ்வளவு வந்தது. இதே முறையில் நலமுள்ளோருக்கு இந்த எல்லைக்குள் வரும் என்பதே அதன் பொருள். மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரநெறி அலகையும் குறிப்பு இடைவெளியையும் அறிக்கையில் இடம்பெறச் சொல்வது இதனால்தான். இந்தியாவில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் வழங்குவதும் அத்தரநெறியின்படியே. நான்கில் ஒன்று பிறழ்ந்தாலும் வாக்கியம் முழுவதும் பொய்யாகிறது. ஆயினும் ஆய்வேடுகள் நான்கையும் தனித்தனியே எண்ணி, தனித்தனியே மதிப்பெண் போடுகின்றன.

முதலில் வரி நழுவும் சிக்கலை எடுத்துக்கொள்ளலாம். எழுத்துகள் அனைத்தையும் சரியாகப் படித்த பின்னும் அட்டவணை பொய்யாக முடியும் என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

ஏ4 தாளில் அச்சான வழக்கமான அறிக்கை ஒன்றைக் கற்பனை செய்வோம். இடப்பக்கம் பரிசோதனையின் பெயர். அதிலிருந்து ஏறத்தாழ 80 மில்லிமீட்டர் தள்ளி மதிப்பு. 110 மில்லிமீட்டரில் அலகு. 160 மில்லிமீட்டரில் குறிப்பு வரம்பு. வரிகளுக்கிடையே 6 மில்லிமீட்டர் இடைவெளி. படம் எடுக்கும்போது தாள் 2 பாகை மட்டும் சாய்ந்திருக்கிறது. வலப்பக்கம் சற்று மேலேறியிருக்கிறது. கண்ணால் பார்ப்பவருக்கு அது சாய்வாகவே தோன்றாது. ஆனால் 80 மில்லிமீட்டர் தூரத்தில் அச்சாய்வு 2.8 மில்லிமீட்டர் ஏற்றமாகிறது. 160 மில்லிமீட்டரில் 5.6 ஆகிறது. ஒரே உயரத்தில் உள்ள சொற்களையெல்லாம் ஒரே வரியாகச் சேர்க்கும் எளிய நிரல், 2.8 மில்லிமீட்டர் ஏறிய மதிப்பைச் சரியான பெயரோடு சேர்த்துவிடும். அது பாதி வரிக்கும் குறைவான விலகல். குறிப்பு வரம்போ ஏறக்குறைய முழு வரி ஏறிவிட்டது. ஆகவே அது மேல்வரியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

பெயரும் மதிப்பும் சரி. வரம்பு மட்டும் அடுத்த வரியுடையது. இதன் விளைவைக் கல்லீரல் பரிசோதனைப் பகுதியில் பார்க்கலாம். தாளில் மொத்த பிலிருபின் 0.9, வரம்பு 0.3 முதல் 1.2. நேரடி பிலிருபின் 0.2, வரம்பு 0.0 முதல் 0.3. மறைமுக பிலிருபின் 0.7, வரம்பு 0.1 முதல் 1.0. மூன்றும் இயல்பு. நழுவிய அட்டவணையிலோ, மொத்த பிலிருபின் 0.9 என்பதற்கு எதிரே 0.0 முதல் 0.3 என்று நிற்கும். நலமாக உள்ள ஒருவர் மேல் எல்லையின் மூன்று மடங்கைத் தொட்டவராகிறார். அலகும் நழுவியிருக்கும், ஆனால் மூன்று வரிகளுக்கும் ஒரே அலகு என்பதால் அது வெளியே தெரியாது. முரண் முதன்முதலில் தலைகாட்டுவது மூன்றாம் வரியில். அங்கே மறைமுக பிலிருபினுக்கு எதிரே, அடுத்த வரியிலுள்ள நொதியின் அலகும் 5 முதல் 40 என்ற வரம்பும் வந்து உட்காரும். மூன்றாம் வரியைப் பார்க்காமல் முதல் வரியை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகம் எழ வழியே இல்லை.

படத்தை நிமிர்த்தும் நிரல் இருக்கிறதே என்பர். இருக்கிறது. அது தாள் முழுவதும் ஒரே கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று கொண்டு நிமிர்த்துகிறது. மடித்துவைத்த தாளில் ஒவ்வொரு மடிப்புப் பகுதியும் தனக்கென ஒரு சாய்வை வைத்திருக்கும். இடப்பாதி நேராகவும் வலப்பாதி வளைந்தும் இருக்கும். சராசரிக் கோணத்தைக் கண்டு நிமிர்த்தினால் இரண்டும் பாதிப் பாதி தவறும். ஆகவே முதலில் செய்யவேண்டியது எழுத்துகளைப் படிப்பதன்று, வரிகளைக் கண்டறிவது. ஒவ்வொரு சொல்லிலிருந்தும் அதன் வலப்பக்கத்து அண்டைச் சொல்லுக்குப் படிப்படியாகச் சென்று, மெல்ல ஏறும் கோட்டைப் பின்தொடர்ந்தால், தொலைவிலுள்ள வரம்பு தன் பெயரைச் சென்றடையும். இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு ஒரே தாவலாகத் தாவினால் சென்றடையாது. பெயரின் கீழே ‘முறை’ என்று பரிசோதனை முறையைச் சிற்றெழுத்தில் அச்சிடும் அறிக்கைகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மதிப்பில்லாத அந்த அடிவரி நிரலின் வரிக் கணக்கைக் குழப்பிவிடும்.

இரண்டாவது பிழை அலகில் நேர்கிறது. இதற்குத் தாளின் வளைவு காரணமன்று. ஆய்வாளரின் துணிவே காரணம்.

இந்திய ஆய்வகங்கள் பல, தட்டணு எண்ணிக்கையை லட்சத்தில் அச்சிடுகின்றன. ‘1.85 லட்சம்/கன மி.மீ.’, வரம்பு ‘1.50 முதல் 4.10’. வேறு ஆய்வகம் அதே எண்ணிக்கையை 1,85,000 என்று எழுதும். மூன்றாவது ஆய்வகம் 185 என்று எழுதி, அலகில் பத்தின் மூன்றாம் அடுக்கு/மைக்ரோ லிட்டர் என்று குறிக்கும். மூன்றும் ஒன்றே, ஒரு கன மில்லிமீட்டரும் ஒரு மைக்ரோ லிட்டரும் ஒரே கொள்ளளவு. அமெரிக்கத் தரவுகளைப் பார்த்து அமைத்த நிரலுக்கு மூன்றாவது வடிவம் மட்டுமே தெரியும். ‘லட்சம்’ என்ற சொல் அதன் அலகுப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத அலகைக் கண்டால் அது என்ன செய்கிறது? பரிசோதனையின் பெயரைப் பார்த்து, அதற்கு வழக்கமான அலகை எடுத்து நிரப்புகிறது. அட்டவணையில் ‘தட்டணு, 1.85, ஆயிரம்/மைக்ரோ லிட்டர்’ என்று விழுகிறது. ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் தட்டணுக்கள் உள்ளவருக்கு ஆயிரத்து எண்ணூற்றைம்பது என்று எழுதியாயிற்று. டெங்குப் பருவத்தில் நாள்தோறும் அந்த ஓர் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது என்ன பொருள்படும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைவிட வினோதமான நிலையும் உண்டு. மங்கிய படத்தில் தசமப் புள்ளி மறைந்து 1.85 என்பது 185 என்று படிக்கப்படுகிறது. அதன் பின் நிரல், லட்சத்தைத் தூக்கியெறிந்துவிட்டு ஆயிரத்தை நிரப்புகிறது. இரண்டு தவறுகள் சேர்ந்து சரியான விடை வந்துவிடுகிறது. மதிப்பீட்டில் இந்த வரிக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். அடுத்த படத்தில் புள்ளி தெளிவாகத் தெரிந்தால் விடை நூறில் ஒரு பங்காகிவிடும். படம் தெளிவாகத் தெளிவாக விடை மோசமாகும் ஒரு நிரலுக்கு அறிவியலில் என்ன பெயர் என்று அதன் ஆசிரியர்களே சொல்ல வேண்டும்.

அலகைச் சீராக்கவே கூடாது என்பதன்று வாதம். ஒரு நோயாளியின் ஐந்தாண்டு அறிக்கைகளை ஒரே கோட்டில் வரைய வேண்டுமானால் சீராக்கியே ஆக வேண்டும். ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலையோடு கலக்கலாகாது. அச்சில் உள்ளது உள்ளபடி ஒரு பத்தியில் இருக்க வேண்டும். மாற்றிய மதிப்பு வேறொரு பத்தியில், எந்த விதியால் மாற்றப்பட்டது என்ற குறிப்புடன் இருக்க வேண்டும். மாற்றும் விதி தவறென்று நாளை தெரிந்தால் முதல் பத்தியிலிருந்து மீண்டும் தொடங்கலாம். மேலெழுதிவிட்டால் தொடங்க இடமில்லை.

மூன்றாவது பிழைதான் மிகப் பரவலானது; மிக நாகரிகமாக நியாயப்படுத்தப்படுவதும் அதுவே. குறிப்பு வரம்பைப் படிக்காமல் பாடநூலிலிருந்து எடுத்து வைப்பது.

நியாயம் இப்படிச் சொல்லப்படுகிறது: வரம்புப் பத்தி சிற்றெழுத்தில் இருக்கிறது; பல அடிகளில் உடைகிறது; படிப்பது கடினம். ஆனால் பொட்டாசியத்தின் வரம்பு எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நிலையான பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டால் என்ன?

என்ன என்பதற்கு யூரியா விடை சொல்லும். இந்திய அறிக்கைகளில் பெரும்பாலும் யூரியாவே அச்சாகிறது. அமெரிக்க வழக்கில் யூரியாவிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு எழுதுகின்றனர். யூரியாவின் மூலக்கூறு நிறை 60. அதில் நைட்ரஜன் 28. ஆகவே யூரியாவின் மதிப்பை 2.14 ஆல் வகுத்தால்தான் யூரியா நைட்ரஜன் கிடைக்கும். அலகு இரண்டுக்கும் ஒன்றே, மி.கி./டெ.லி. இப்போது, தாளில் ‘யூரியா 34, வரம்பு 17 முதல் 43’ என்று இருக்கிறது. இயல்பான மதிப்பு. வரம்பைப் படிக்காத நிரல் தன் பட்டியலில் யூரியாவைத் தேடுகிறது. அங்கே யூரியா நைட்ரஜன் இருக்கிறது. 7 முதல் 20 என்ற வரம்பை எடுத்து ஒட்டுகிறது. 34 சிவப்பு நிறத்தில் ஒளிர்கிறது. 34 ஐ 2.14 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15.9, யூரியா நைட்ரஜன் கணக்கிலும் அது இயல்பே. சிறுநீரகத்தில் கோளாறு ஒன்றுமில்லை, பட்டியலில்தான் கோளாறு. பரிசோதனைகளுக்குக் குறியீடு வழங்கும் லோயின்க் தொகுதி இவ்விரண்டையும் தனித்தனிக் குறியீடுகளாகவே வைத்திருக்கிறது. வேறுபாடு உலகறிந்தது. அதை மறந்தவர் ஆய்வாளர்.

வரம்பைப் படித்தும் சிதைக்கலாம். கிளைகேற்றப்பட்ட ஹீமோகுளோபினுக்கு, அதாவது மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் பரிசோதனைக்கு, அறிக்கைகள் மூன்று அடிகளில் வரம்பு எழுதுகின்றன: 5.7 க்குக் கீழ் இயல்பு; 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5 உம் அதற்கு மேலும் நீரிழிவு. கீழ் எல்லைக்கு ஒன்று, மேல் எல்லைக்கு ஒன்று என இரண்டே கட்டங்கள் வைத்த அட்டவணை இதை எப்படி ஏற்கும்? இரண்டு எண்களுக்கிடையே கோடு உள்ள அடி ஒன்றே ஒன்று, நடு அடி. நிரல் அதைப் பிடித்துக்கொள்கிறது. கீழ் எல்லை 5.7, மேல் எல்லை 6.4. உடனே 5.2 உள்ள நலமானவர் ‘குறைவு’ என்று குறிக்கப்படுகிறார், 6.1 உடன் முன்நீரிழிவில் நிற்பவர் ‘இயல்பு’ ஆகிறார். எண்கள் ஒவ்வொன்றும் தாளிலிருந்தே வந்தவை. எழுத்து அளவில் பிழை பூச்சியம். பொருள் தலைகீழ். மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான எஃப்.எச்.ஐ.ஆர். தரநெறியை வகுத்தவர்கள் இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தனர். அதில் `referenceRange` என்ற பகுதிக்குள் `low`, `high` ஆகியவற்றோடு `text` என்ற கட்டமும் இருக்கிறது. எண்ணாக மாற்ற முடியாத வரம்பை எழுத்தாகவே வைப்பதற்கு. இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கமும் எஃப்.எச்.ஐ.ஆர். வழியையே ஏற்றிருக்கிறது. பாதையைப் போட்டு வைத்திருக்கிறார்கள், நடக்கத்தான் ஆளில்லை.

படத்தைப் பார்த்து நேரடியாக அட்டவணை எழுதும் பெரிய மாதிரிகள் வந்த பின் இந்தப் பிழை மேலும் நுண்ணியதாகிவிட்டது. முன்பு நிரப்பியது ஒரு பட்டியல். அதை நிரலில் தேடிக் கண்டுபிடிக்கலாம். இப்போது நிரப்புவது மாதிரியின் பழக்கம். ஆயிரக்கணக்கான அறிக்கைகளில் பொட்டாசியத்துக்கு எதிரே 3.5 முதல் 5.1 என்று கண்ட மாதிரிக்கு, மங்கிய இடத்திலும் அதுவே தெரிவதுபோல் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். அதனால்தான் மதிப்பெண் உயர்கிறது; அதனால்தான் அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது.

இதைக் கண்டறியும் சோதனை மிக எளிது. ஒரு பிற்பகலில் முடியக்கூடியது. வழக்கமான அறிக்கையைப் போலவே ஒன்றைத் தட்டச்சுச் செய்து, சில வரம்புகளை மட்டும் வேண்டுமென்றே மாற்றி அச்சிட வேண்டும். பொட்டாசியத்துக்கு 3.1 முதல் 6.3, மொத்த பிலிருபினுக்கு 0.6 முதல் 1.9. வேறு இரண்டு வரம்புகளை மையால் முழுதும் மறைத்துவிட வேண்டும். மடித்து, பிரித்து, படமெடுத்து, நிரலுக்குக் கொடுக்க வேண்டும். 3.1 முதல் 6.3 என்று வந்தால் அது படித்திருக்கிறது. 3.5 முதல் 5.1 என்று வந்தால் நினைவிலிருந்து ஒப்பித்திருக்கிறது. மறைத்த இடத்தில் வரம்பு ஒன்று தோன்றினால் அதற்கு மேல் விவாதம் எதற்கு? இந்தச் சோதனையைச் செய்து முடிவை வெளியிடாத எந்த ஆய்வேடும், தன் நிரல் தாளைப் படிக்கிறது என்று சொல்லும் உரிமையை இன்னும் பெறவில்லை.

மாற்று என்ன என்று கேட்பது நியாயம். மாற்று கடினமானதன்று, அடக்கம் மட்டுமே அதற்கு வேண்டும். ஒவ்வொரு வரியோடும் அது படத்தில் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற இடக்குறிப்பும், படித்ததா படிக்கவில்லையா என்ற நிலையும் இருக்க வேண்டும். இரண்டு வரிகளை இப்படி எழுதலாம்:

```
row,test,value,unit,range,box,status
9,Platelet Count,1.85,lakhs/cumm,1.50 - 4.10,"84 1036 1490 1070",read
10,Urea,34,mg/dL,,"84 1082 1490 1116",range_unread
```

பத்தாம் வரியில் வரம்பு காலியாக இருக்கிறது. அந்தக் கட்டத்தைத் தொட்டால் படத்தின் அதே துண்டு திரையில் விரிய வேண்டும். பார்ப்பவர் பத்து விநாடியில் 17 முதல் 43 என்று தாமே படித்து எழுதிவிடுவார். அவருக்கும் தெரியவில்லையெனில் அது காலியாகவே இருக்கட்டும். வரம்பு இல்லாத மதிப்பை மருத்துவரிடம் கொண்டுசென்றால் அவர் ஆய்வகத்தைக் கேட்பார். பொய்யான வரம்போடு கொண்டுசென்றால் அவர் யாரையும் கேட்கமாட்டார்.

காலிக் கட்டத்தைக் கண்டு பயனர் எரிச்சலடைவார் என்று சொல்வோர் உண்டு. எரிச்சல் உண்மைதான். ஆனால் காலிக் கட்டம் ஒருவரைப் பார்க்க வைக்கிறது. தவறாக நிரம்பிய கட்டத்தை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வேறுபாட்டுக்கு மேல் இத்துறையில் வேறெந்த வேறுபாடும் முக்கியமன்று.

படித்தவற்றைச் சரிபார்க்க அறிக்கைக்குள்ளேயே சாட்சிகள் இருக்கின்றன. அவற்றையும் பலர் பயன்படுத்துவதில்லை. முழு இரத்த எண்ணிக்கைப் பகுதியில் பல மதிப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று கணக்கிடப்பட்டவை. ஹீமோகுளோபின் 11.2, செவ்வணு எண்ணிக்கை 4.31 மில்லியன், செவ்வணுக் கன அளவு 34.6 விழுக்காடு என்று தாளில் இருந்தால், ஒரு செவ்வணுவின் சராசரிக் கொள்ளளவு 346 ஐ 4.31 ஆல் வகுத்து 80.3 ஆக இருக்க வேண்டும். ஓர் அணுவின் சராசரி ஹீமோகுளோபின் 112 ஐ 4.31 ஆல் வகுத்து 26.0. இவ்விரண்டும் தாளிலேயே அச்சாகியிருக்கும். எழுத்துணரி 11.2 ஐ 17.2 என்று படித்துவிட்டால், கணக்கில் 39.9 வரும்; தாளில் 26.0 என்று நிற்கும். முரண் கூவி அழைக்கும். கடைசித் தசம இலக்கத்தில் வரும் சிறு வேறுபாட்டை மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும். வெள்ளணு வகைகளின் விழுக்காடுகள் கூடி நூறாக வேண்டும் என்பதும் இத்தகைய சாட்சியே.

ஆனால் சாட்சிக்கும் எல்லை உண்டு. அதை மறைப்பது இன்னொரு வகைப் பொய். முன்னே கண்ட பிலிருபின் வரிகளை நினைத்துப் பார்க்கலாம். 0.2 உம் 0.7 உம் கூடி 0.9 ஆகின்றன. கணக்கு பிசகவில்லை, ஆயினும் வரம்புகள் மூன்றும் நழுவியிருந்தன. கணக்கு மதிப்புகளைக் காக்கும், வரம்புகளைக் காக்காது. தட்டணு, கிரியேட்டினின், தைராய்டு தூண்டு இயக்குநீர் போன்ற தனித்து நிற்கும் மதிப்புகளுக்கு அந்தக் காவலும் இல்லை. மேலும், முரண் கண்டால் கொடி காட்ட வேண்டுமே தவிர, கணக்கைக் கொண்டு மதிப்பைத் திருத்திவிடக் கூடாது. முரணுக்குக் காரணம் ஹீமோகுளோபினா, செவ்வணு எண்ணிக்கையா, அல்லது ஆய்வகமே செய்த அச்சுப் பிழையா என்பதைக் கணக்கு சொல்லாது. திருத்தத் தொடங்கினால் மீண்டும் நிரப்பும் பழக்கத்துக்கே திரும்பிவிட நேரும்.

கடைசியாக அந்தத் தொண்ணூற்றெட்டு விழுக்காடு. ஒரு பக்கத்தில் 25 வரிகள். வரிக்கு 4 கட்டங்கள். மொத்தம் 100 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் சரியாக இருப்பதற்கு 0.98 வாய்ப்பு என்று கொண்டால், ஒரு வரி முழுதும் சரியாக இருக்க வாய்ப்பு 0.98 இன் நான்காம் அடுக்கு, ஏறத்தாழ 0.92. பக்கம் முழுதும் சரியாக இருக்க 0.98 இன் நூறாம் அடுக்கு, ஏறத்தாழ 0.13. நூறு அறிக்கைகளில் பதின்மூன்றே பிழையற்றவை. பிழைகள் ஒன்றையொன்று சாராமல் சிதறியிருந்தால்தான் இக்கணக்கு அப்படியே பொருந்தும் என்பது உண்மை. நழுவும் வரிகளில் பிழைகள் கூட்டமாக வரும். அப்போது பிழையற்ற பக்கங்கள் கூடும், பிழையுள்ள பக்கங்களோ படுமோசமாகும். எப்படியாயினும் 98 என்ற எண் நோயாளியின் கையில் போகும் தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய எண்கள் மூன்று: நான்கு கட்டங்களும் சரியாக உள்ள வரிகள் எத்தனை, படிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்ட வரிகள் எத்தனை, ஒப்புக்கொள்ளாமல் தவறிய வரிகள் எத்தனை. மூன்றாவது எண்ணே தீர்ப்பு. முதல் எண் குறைந்தாலும் மூன்றாவது எண் பூச்சியத்தை நெருங்கும் நிரலே மேலானது.

இந்தத் தலைப்பில் ஆய்வேடு திருத்தும் பேராசிரியர்களும், வாய்மொழித் தேர்வுக்கு அமரும் தேர்வாளர்களும், அடுத்த ஆண்டு இதே தலைப்பை எடுக்கவிருக்கும் மாணவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. மடித்த தாளின் படத்தில் சோதித்தீர்களா? லட்சம் என்ற அலகைக் கண்டால் நிரல் என்ன எழுதுகிறது? மூன்று அடிகளில் உள்ள வரம்பு எந்தக் கட்டத்துக்குள் போகிறது? மையால் மறைத்த இடத்தில் என்ன வந்தது? இந்த நான்குக்கும் விடை இருந்தால் துல்லிய விழுக்காட்டை நிதானமாகப் பேசலாம். இல்லையெனில், நிறைவான அந்த அட்டவணையை மூடிவைத்துவிட்டு, தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கண்ணால் படிப்பதே நோயாளிக்கு நல்லது.